பதினான்கு பக்கத்தை நான்காகக் குறைத்தோம்: ஒரு மீடியா கிட்டைப் பழுதுபார்த்த பதிவு

எங்கள் தெருத் தம்பி ஒருவர் செட்டிநாட்டுப் பழைய வீடுகளைப் பராமரிப்பது பற்றி இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் காணொளி போடுகிறார். ஆத்தங்குடிக் கல்லில் படிந்த கறை, சுண்ணாம்புப் பூச்சில் ஏறும் ஈரம், மழைச்சாரலில் வெளுத்துப்போன பர்மா தேக்குக் கதவு என்று வேலையை வேலையாகவே காட்டுவார். காரைக்குடியைச் சுற்றி கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கமெல்லாம் கேமராவும் கையுமாகப் போய்வருகிறவர். தான் யார், தன்னை யார் பார்க்கிறார்கள், கட்டணம் என்ன என்று விளம்பரம் தரக்கூடிய நிறுவனங்களுக்குச் சொல்லும் கோப்பாக ஒரு மீடியா கிட்டும் செய்து வைத்திருந்தார். அனுப்பிய இடங்களில் பாதிப் பேர் பதிலே போடவில்லை. பதில் போட்டவர்கள் இலவசமாகப் பொருள் தருகிறோம், காணொளி எடுத்துப் போடுங்கள் என்றார்கள்.

நான் சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் சில வருடம் வேலை பார்த்தவள். இப்படி வரும் கோப்புகளைத் திறந்து பார்த்து, யாரைப் பரிந்துரைக்கலாம் என்று வாடிக்கையாளருக்குப் பட்டியல் போட்டுக் கொடுப்பதுதான் அங்கே என் வேலை. ஒரு கோப்புக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கினால் அதிகம். அந்தக் கண்ணோடு தம்பியின் கோப்பைத் திறந்தேன்.

பதினான்கு பக்கம். முதல் நான்கு பக்கமும் வீடுகளின் முகப்பு, வளவு, தூண்கள். படங்கள் அருமை, ஆனால் அவர் யார், என்ன செய்கிறார் என்று ஐந்தாம் பக்கத்தில்தான் வருகிறது. அங்கேயும் ‘பாரம்பரியம், உணவு, பயணம், வாழ்வியல், பண்பாடு’ என்று ஐந்து துறைகள். ஏழாம் பக்கத்தில் பெரிய எழுத்தில் 41,000 பின்தொடர்பவர்கள், அடுத்த வரியில் ‘ரீலுக்குச் சராசரி 33,800 பார்வைகள்’. பத்தாம் பக்கம் முழுக்கப் பதினோரு நிறுவனங்களின் இலச்சினைகள். கடைசிப் பக்கத்தில் கட்டணம். கோப்பின் கனம் 38 எம்பி. மின்னஞ்சலில் இணைப்பாக அனுப்பினால் பல இடங்களில் உள்ளேயே போகாத கனம் அது.

முதலில் அந்த 33,800-ஐக் கையில் எடுத்தோம்.

சராசரி செய்த வேலை

தம்பி வாரம் ஒரு ரீல் போடுகிறார். கடைசிப் பன்னிரண்டு ரீல்களின் பார்வை எண்ணிக்கையை ஒரு தாளில் வரிசையாக எழுதச் சொன்னேன். 6,800, 7,400, 9,100, 5,900, 3,12,000, 8,200, 11,500, 7,000, 6,300, 14,800, 8,800, 7,700. கூட்டினால் 4,05,500. பன்னிரண்டால் வகுத்தால் ஏறக்குறைய 33,800. கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட ஒரு ரீலும் இல்லை. பன்னிரண்டில் ஒன்பது ரீல்கள் 10,000-ஐத் தொடவில்லை. அந்த ஐந்தாவது ரீல் ஒரு கல்யாண வீட்டில் எடுத்த இலைச் சாப்பாடு. அதுதான் ஊரெல்லாம் ஓடிச் சராசரியைத் தூக்கிப் பிடித்திருக்கிறது.

நிறுவனத்தில் இருப்பவர் இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பக்கத்தைத் திறந்து ரீல்கள் பகுதியைத் தொட்டால் ஒவ்வொரு ரீலின் மேலும் பார்வை எண்ணிக்கை தெரியும். 33,800 என்று எழுதியவரின் பக்கத்தில் 7,000, 8,000 என்று வரிசையாகத் தெரிந்தால், கோப்பில் இருக்கும் மற்ற எண்களையும் அவர் நம்பமாட்டார். நான் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தபோது அப்படித்தான் பல கோப்புகளை மூடியிருக்கிறேன்.

அதனால் சராசரிக்குப் பதில் இடைநிலை எண்ணைப் போட்டோம். பன்னிரண்டு எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நடுவில் நிற்கும் ஆறாவதையும் ஏழாவதையும் எடுக்க வேண்டும். இங்கே 7,700, 8,200. இரண்டுக்கும் நடு 7,950. ஒரு ரீல் மூன்று லட்சம் போனாலும் முப்பது லட்சம் போனாலும் இந்த எண் அசையாது. கோப்பில் இப்போது இருக்கும் வரி: ‘கடைசி 12 ரீல்களில் இடைநிலைப் பார்வை ஏறக்குறைய 8,000, குறைந்தது 5,900.’ அதன் கீழே சின்ன எழுத்தில், ‘ஒரு ரீல் 3,12,000 பார்வை பெற்றது, அது உணவு பற்றியது.’

தம்பிக்கு மனசே இல்லை. “முப்பத்து மூன்றாயிரம் என்று இருந்ததை எட்டாயிரம் ஆக்கிவிட்டீர்களே அக்கா, இனி யார் மதிப்பார்கள்?” என்றார். மதிப்பது இருக்கட்டும், 33,800 என்று நம்பிப் பணம் கொடுத்த நிறுவனத்துக்கு 8,000 வந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அந்த நிறுவனம் திரும்ப வராது. இந்தத் தொழிலில் வருமானமே திரும்ப வருகிறவர்களிடமிருந்துதான்.

அந்தக் கல்யாண ரீல் இன்னொரு வேலையும் செய்திருந்தது. அதற்கு முன் தம்பிக்கு 24,000 பேர் இருந்தார்கள். ஓடிய இரண்டு வாரத்துக்குள் 40,000-ஐ நெருங்கிவிட்டது. புதிதாக வந்தவர்கள் சாப்பாட்டைப் பார்த்து வந்தவர்கள். சுண்ணாம்பு அரைப்பதைக் காட்டினால் அவர்கள் நிற்பதில்லை. 41,000 பேர் பின்தொடர்ந்தும் 8,000 பார்வைதான் என்பதற்குக் காரணம் இதுதான். எதிரே இருப்பவர் எப்படியும் இதைக் கேட்பார் என்பதால் காரணத்தை நாமே ஒரு வரியில் எழுதிவிட்டோம்.

யார் பார்க்கிறார்கள்

ஐந்து துறைகளையும் அடித்துவிட்டு முதல் பக்கத்தில் இதை எழுதினோம்: ‘செட்டிநாட்டில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு, அதைக் கெடாமல் காப்பது எப்படி என்று காட்டுகிறேன். தரை, பூச்சு, மரம்.’ அவ்வளவுதான். உணவும் பயணமும் போய்விட்டன. உணவு பற்றிப் பேச இந்த வட்டாரத்தில் ஆள் பஞ்சமே இல்லை. ஆனால் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்த பழைய பூச்சு ஏன் சிமெண்டு வைத்து ஒட்டினால் உரிகிறது என்று சொல்ல எத்தனை பேர் இருக்கிறார்கள்?

அடுத்து, பார்ப்பவர்கள் யார் என்பது. பழைய கோப்பில் பின்தொடர்பவர்கள் எல்லோருடைய வயதும் ஊரும் இருந்தன. அதில் 18 முதல் 34 வயதுக்காரர்களே பெரும்பான்மை. கல்யாணச் சாப்பாடு கொண்டுவந்த கூட்டம் அந்த விகிதத்தையும் கெடுத்திருந்தது. இன்ஸ்டாகிராம் இன்சைட்ஸில் பின்தொடர்பவர்களின் விவரம் தனியாகவும், குறிப்பிட்ட காலத்தில் வந்த பார்வைகளின் விவரம் தனியாகவும் கிடைக்கும். கல்யாண ரீல் அடங்கி ஓய்ந்த பிறகான 30 நாளைத் தேர்ந்தெடுத்துப் பார்வைகளின் பக்கத்தைத் திறந்தோம். படம் மாறிவிட்டது. 35 முதல் 54 வரை உள்ளவர்கள் 57 விழுக்காடு. ஊர்களில் சென்னை 31, கோயம்புத்தூர் 9, மதுரை 8, காரைக்குடி 6, சிங்கப்பூர் 5.

காரைக்குடிக்கு 6 விழுக்காடுதான் என்றதும் தம்பிக்கு வருத்தம். எனக்கு அந்த வரிசைதான் கோப்பிலேயே அதிக விலை போகும் பக்கமாகத் தெரிந்தது. இங்கே வீடுகள் இருக்கின்றன, வீட்டுக்காரர்கள் இல்லை. முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறந்து, மற்ற நாளில் காவலாள் பொறுப்பில் விட்டிருக்கும் வீடுகள் எத்தனையோ. செலவுக்குத் தலையாட்ட வேண்டியவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். மரத்துக்கு எண்ணெய் விற்கிற நிறுவனத்துக்குக் காரைக்குடியில் பத்தாயிரம் பேர் கிடைப்பதைவிட, காரைக்குடியில் வீடு வைத்துக்கொண்டு சென்னையில் குடியிருக்கும் இரண்டாயிரம் பேர் கிடைப்பது மேல். ஆனால் இதைச் சும்மா எழுதினால் கதை. சான்று வேண்டும்.

சான்று பகிர்வு எண்ணிக்கையில் கிடைத்தது. ஓடு மாற்றுவது பற்றிய ரீலுக்கு 8,800 பார்வை. அதை 410 பேர் பிறருக்கு அனுப்பியிருந்தார்கள். ஏன் இவ்வளவு என்று கீழே வந்த கருத்துகளைப் படித்தோம். ‘எங்கள் பங்காளிகள் குழுவில் போட்டிருக்கிறேன்’, ‘அண்ணன்மார்களுக்கு அனுப்பிவிட்டேன், பேசி முடிவெடுப்போம்’ என்று திரும்பத் திரும்ப. பங்குள்ள வீட்டில் ஒருவர் தனியாக ஓடு மாற்ற முடியாது. எல்லோரிடமும் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும். காட்டுவதற்குத் தம்பியின் ரீல் தோதாக இருக்கிறது. அந்த மாதிரிக் கருத்துகள் மூன்றைப் பெயரை மறைத்து எடுத்துக் கோப்பில் வைத்தோம்.

சேமிப்பு எண்ணிக்கையும் அப்படித்தான். ஆத்தங்குடிக் கல்லைத் துடைக்கும் முறை பற்றிய ரீலுக்கு 9,100 பார்வை, 640 சேமிப்பு. நூற்றுக்கு ஏழு. கல்யாண ரீலுக்கு 3,12,000 பார்வை, 2,100 சேமிப்பு. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பின்னால் எடுத்துச் செய்துபார்க்கப் போகிறவர்தான் சேமிக்கிறார். விருப்பக்குறியை எல்லோரும் போடுவார்கள். அதைக் கோப்பிலிருந்தே எடுத்துவிட்டோம்.

யூடியூபுக்கு அரைப் பக்கம் போதுமானதாக இருந்தது. 9,600 சந்தாதாரர்கள் என்ற எண்ணைப் பார்த்தால் சின்ன சேனல். ஆனால் ‘ஆத்தங்குடிக் கல் கறை நீக்குவது’ என்ற காணொளி முதல் மாதம் 1,100 பார்வையும் ஒன்றரை வருடத்தில் 9,400-ம் பெற்றிருக்கிறது. பார்வை எங்கிருந்து வருகிறது என்று யூடியூப் ஸ்டுடியோவில் பார்த்தால் பாதிக்கு மேல் தேடல் வழியாக. தரையில் கறை விழுந்தவர் தேடுகிறார், இது கிடைக்கிறது. ரீல் ஒரு வாரத்தில் ஓய்ந்துவிடும், இது நிற்கிறது. அந்த ஒரு காணொளியின் மாதவாரி வரைபடத்தை மட்டும் எடுத்து வைத்தோம்.

எண்கள் எல்லாவற்றுக்கும் கீழே எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எழுதியிருக்கிறோம். தேதி இல்லாத எண்ணை நான் பழையது என்றே எடுத்துக்கொள்வேன். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். இன்சைட்ஸ் பக்கத்தின் திரைப்பிடிப்புகளும் ஒரு தனிக் கோப்புறையில் தயாராக இருக்கின்றன. கேட்டால் அன்றைக்கே புதிதாகத் திரையைப் பதிவு செய்து அனுப்புவது இன்னும் நல்லது, ஏனென்றால் படத்தைத் திருத்தலாம், ஓடும் பதிவைத் திருத்துவது அவ்வளவு எளிதில்லை என்று அவர்களுக்கும் தெரியும்.

பதினோரு இலச்சினைகள்

அடுத்தது பத்தாம் பக்கம். ஒவ்வொரு இலச்சினையாகக் கை வைத்து, இவர்கள் உன்னிடம் என்ன கேட்டார்கள், என்ன கொடுத்தார்கள் என்று விசாரித்தேன். நான்கு நிறுவனங்கள் எதுவுமே கேட்கவில்லை. தம்பி தானாக அவர்கள் பொருளைக் காட்டி அவர்கள் பெயரைக் குறியிட்டிருக்கிறார், அவர்கள் அதைத் தங்கள் ஸ்டோரியில் பகிர்ந்திருக்கிறார்கள். அது விளம்பரக் கூட்டு ஆகாது. அந்த நிறுவனத்தைத் தெரிந்த ஒருவர் கையில் இந்தக் கோப்பு போய், ஒரு போன் போட்டு விசாரித்தால் கதை முடிந்தது. நான்கையும் எடுத்தோம். மூன்று, கடை திறப்பு விழாவுக்கு அழைத்த இடங்கள். வீட்டுப் பராமரிப்போடு ஒட்டாது. அவையும் போயின.

மீதி நான்கு. அதில் இரண்டை மட்டும் விரித்து எழுதினோம்.

முதலாவது, சுண்ணாம்புப் பூச்சுக்கான பொருள் விற்கும் உள்ளூர்க் கடை. பணம் கொடுத்துச் செய்த வேலை. ஒரு ரீலும் மூன்று ஸ்டோரிகளும். பார்வை எண் தம்பியிடம் இருந்தது, ஆனால் கடைக்கு என்ன கிடைத்தது என்று அவருக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. இருவரும் நேரில் போனோம். கடைக்கார அண்ணன் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அந்த வாரம் வாட்ஸ்அப்பில் நிறையப் பேர் கேட்டார்கள். எண்ணி வைக்கவில்லையே அம்மா. ஆனால் தேவகோட்டை வீடு ஒன்றுக்குச் சரக்கு போனது தம்பியைப் பார்த்து வந்த ஆள்தான்” என்றார். போனை வாங்கி அந்த வாரத்துச் செய்திகளை அவர் முன்னாலேயே எண்ணினோம். ரீலைக் குறிப்பிட்டுக் கேட்டவர்கள் 38 பேர். வீட்டுக்கு வந்து பாருங்கள் என்றவர்கள் ஐந்து பேர். சரக்கு எடுத்தது இரண்டு வீடு. அவருடைய அனுமதியோடு இதை அப்படியே எழுதினோம்: என்ன கேட்டார், என்ன செய்தோம், என்ன வந்தது. நான்கு வரி. இரண்டு வீடு என்பது சின்ன எண்தான். ஆனால் முழு வீட்டுக்குச் சுண்ணாம்பு எடுப்பது சின்ன வியாபாரம் இல்லை என்பது அந்தத் துறைக்காரருக்குத் தெரியும்.

இனி எண்ணுவதற்கு இப்படி நோட்டைப் புரட்ட வேண்டியதில்லை. சின்னக் கடைகளுக்கு இணையதளம் இருக்காது, வாட்ஸ்அப் இருக்கும். அதற்கு ஏற்றது இந்த இணைப்பு:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=VALAVU
```

எக்ஸ் இருக்கும் இடத்தில் கடையின் பத்து இலக்க எண். இதைத் தொட்டால் கடையின் வாட்ஸ்அப் உரையாடல் திறந்து, ‘VALAVU’ என்ற சொல் தயாராக நிற்கும். பார்ப்பவர் அனுப்பினால் போதும். கடைக்காரர் அந்தச் சொல்லைத் தேடினால் தம்பி வழியாக வந்தவர்கள் எல்லோரும் வரிசையாக வருவார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு சொல். குறை என்னவென்றால் சிலர் அந்தச் சொல்லை அழித்துவிட்டு ‘வணக்கம், விலை என்ன’ என்று அடிப்பார்கள். சிலர் இணைப்பை விட்டுவிட்டு நேரே போன் செய்வார்கள். ஆகவே கிடைக்கும் எண் எப்போதும் குறைந்தபட்சம்தான். கோப்பிலும் ‘குறைந்தது’ என்றே எழுத வேண்டும்.

இரண்டாவது, பழைய வீட்டை விடுதியாக்கிய ஓர் இடம். பணம் இல்லை, இரண்டு நாள் தங்கல் மட்டும். பழைய கோப்பில் இதுவும் பணம் வாங்கிய வேலைகளோடு சேர்ந்தே இருந்தது. ‘தங்கலுக்கு மாற்றாகச் செய்தது’ என்று பிரித்து எழுதினோம். அந்த ரீலைத் திறந்து பார்த்தால் விளம்பரக் குறியே இல்லை. இலவசத் தங்கல்தானே, இதற்கு எதற்குக் குறி என்பது தம்பியின் வாதம். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில் இலவசப் பொருள், பயணம், விடுதித் தங்கல், பண்டமாற்று எல்லாமே வெளிப்படுத்த வேண்டிய தொடர்புகளாகத்தான் இருக்கின்றன. இந்திய விளம்பரத் தர மன்றமான ஆஸ்கியின் விதிகளும் 2021 முதலே இதைக் கேட்கின்றன. பெரிய நிறுவனங்களில் இதைச் சரிபார்க்க ஆளே இருக்கிறார்கள். கோப்பில் கொடுத்த பழைய வேலையின் இணைப்பைத் திறந்து குறி இல்லையென்றால், நாளைக்கு நம் வேலையிலும் இப்படித்தான் விடுவார் என்று நினைப்பார்கள். ரீலைத் திருத்தி, இன்ஸ்டாகிராமில் ‘Paid partnership’ என்று வரும் கட்டணக் கூட்டுக் குறியைச் சேர்த்தோம். எழுத்திலும் முதல் வரியிலேயே சொன்னோம். பத்து வரிக்குக் கீழே, குறிச்சொற்களின் கூட்டத்துக்குள் ஒளித்துவைத்தால் அது சொன்னதாகாது.

மற்ற இரண்டு வேலைகளும் ஒவ்வொரு வரியில் இணைப்போடு நிற்கின்றன. பதினோரு இலச்சினை இருந்த பக்கத்தில் இப்போது நான்கு பெயர்கள். பார்க்கக் காலியாகத்தான் இருக்கிறது.

அந்தக் காலி இடத்தில் ‘செய்யமாட்டேன்’ என்று ஒரு பத்தி சேர்த்தோம். இது என் யோசனை, எல்லோருக்கும் பொருந்தாது. அமிலம் கலந்த தரைத் துப்புரவுத் திரவத்துக்கு விளம்பரம் செய்யமாட்டேன் என்பது முதல் வரி. ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் ஆனது. கண்ணாடித் தட்டின் மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, சிமெண்டு வைத்து அழுத்திச் செய்கிறார்கள். சூளையில் சுடுவதில்லை, மேலே மெருகுப் பூச்சும் இல்லை. அமிலம் சிமெண்டைத் தின்னும். கண்ணாடியிலிருந்து வந்த அந்த மினுமினுப்புதான் முதலில் போகும். தம்பியின் பார்வையாளர்கள் இதை அவரிடமிருந்தே கற்றவர்கள். அவரே அதை விற்றால் அடுத்த ரீலை யாரும் நம்பமாட்டார்கள். ஒரு துப்புரவுப் பொருள் நிறுவனத்தின் முகவர் இந்தப் பத்தியைப் படித்துவிட்டு, தங்கள் பொருளில் அமிலம் இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்கிறேன் என்றார். பிறகு வரவில்லை. வந்த பதிலைவிட அது எனக்குத் திருப்தி.

கட்டணமும் உரிமையும்

கட்டணப் பக்கத்தைக் கோப்பிலிருந்து கழற்றித் தனித் தாளாக்கினோம். கோப்பு கைமாறிக்கொண்டே இருக்கும். இந்த வருடத்து விலை இரண்டு வருடம் கழித்து யாரிடமாவது நிற்கும். தவிர, என்ன வேண்டும் என்று கேட்காமல் விலை சொல்ல முடியாது. ஒரு ரீல் எடுத்துத் தம்பியின் பக்கத்தில் போடுவது ஒன்று. அதே ரீலை நிறுவனம் தன் பணத்தில் விளம்பரமாக ஓட்டுவது இன்னொன்று. போட்டி நிறுவனத்துக்கு மூன்று மாதம் வேலை செய்யக்கூடாது என்பது மற்றொன்று. மூன்றுக்கும் தனித்தனி விலை.

இது எவ்வளவு தூரம் முக்கியம் என்பது புதிய கோப்பை அனுப்பிய பிறகு தெரிந்தது. மரத்துக்கான எண்ணெய்ப் பூச்சு செய்யும் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினோம். மின்னஞ்சலில் தம்பியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. ‘உங்கள் எண்ணெய் பழைய தேக்கில் எப்படி இறங்குகிறது என்று காட்ட, நூறு வருடத்துக்கு முந்தைய கதவு ஒன்று கைவசம் இருக்கிறது; பாதிக் கதவுக்குப் பூசி, பாதியை அப்படியே விட்டு, மழைக்காலம் முடிந்ததும் திரும்பக் காட்டலாம்’ என்று மூன்று வரி. கீழே கோப்பு. பதில் வந்தது. ஊர்வாரிப் பட்டியலுக்கு 90 நாள் கணக்கும் வேண்டும் என்றார்கள். அதில் கல்யாண ரீலின் நிழல் விழும், வயது இளமையாகத் தெரியும் என்று காரணத்தோடு இரண்டையும் அனுப்பினோம்.

அவர்கள் கேட்டது ஒரு ரீல், ஒரு யூடியூப் காணொளி, கூடவே ‘எல்லா ஊடகங்களிலும் நிரந்தரமாகப் பயன்படுத்தும் உரிமை’. கடைசியாக உள்ளதைப் படிக்காமல் பலர் கையெழுத்துப் போடுகிறார்கள். ரீலுக்குத் தம்பி 12,000 ரூபாய் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 8,000 பார்வைக்கு வகுத்தால் பார்வைக்கு ஒன்றரை ரூபாய். வெறும் பார்வைக்கணக்கில் பார்த்தால் நிறுவனம் நேரே இன்ஸ்டாகிராமில் விளம்பரம் கொடுத்து இதைவிட மலிவாகவே வாங்கிக்கொள்ளலாம். அப்படியிருந்தும் அவர்கள் தம்பியிடம் வருவது இரண்டு காரணத்துக்காக: வீட்டுக்காரர்கள் கூடியிருக்கும் இடம் அது, இன்னொன்று அந்தக் கதவின் படம். ஸ்டுடியோவில் வைத்து அந்தப் படத்தை எடுக்க முடியாது. நிரந்தர உரிமையைச் சேர்த்துக் கொடுத்தால் அந்த இரண்டாவது காரணத்தை இனாமாகக் கொடுப்பதாகும். மேலும் அது வீடு. வீட்டுக்காரர் தம்பியின் பக்கத்துக்கு ஒரு ரீலுக்குத்தான் சம்மதித்திருக்கிறார். தன் முகப்புக் கதவு ஐந்து வருடம் கழித்து ஏதோ ஒரு சுவரொட்டியில் வருவதற்கு இல்லை.

மூன்று மாதம், சமூக ஊடகங்களில் மட்டும், அதற்கு ரீல் கட்டணத்தில் பாதி கூடுதலாக என்று பதில் போட்டோம். நீட்டிக்க வேண்டுமென்றால் வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதத்தோடு மறுபடி பேசலாம். அவர்கள் ஆறு மாதம் கேட்டார்கள். கட்டணத்தைக் கூட்டி அதற்கு உடன்பட்டோம். நிரந்தரம் என்ற சொல் ஒப்பந்தத்திலிருந்து போனது. வீட்டுக்காரரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கிக்கொண்டோம். பங்காளிகள் மூன்று பேர் என்பதால் மூன்று கையெழுத்து.

கோப்பின் வடிவம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நான்கு பக்கம், நிமிர்ந்த வடிவம், போனில் பெரிதாக்காமல் படிக்கும் அளவு எழுத்து, 3 எம்பிக்குள். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. உள்ளூர்க் கடைக்காரர்கள் தமிழ்க் கோப்பைத்தான் கடைசி வரை படிக்கிறார்கள். தமிழை ஒருங்குறி எழுத்துருவில் வைத்து, பிடிஎஃப் ஆக்கிய பிறகு ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்த்தோம். பழைய எழுத்துருவென்றால் ஒட்டிய இடத்தில் குப்பையாக வரும், தேடினாலும் கிடைக்காது. இணைப்புகளை வேறொருவர் போனிலிருந்து தொட்டுப் பார்ப்பது அவசியம். தம்பியின் போனில் திறந்த ஒன்று என் போனில் திறக்கவில்லை, அந்தப் பதிவை அவர் எப்போதோ காப்பகத்துக்கு மாற்றியிருந்தார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய இடங்கள் மஞ்சள் நிறத்தில் குறித்த மூலக்கோப்பு தம்பியிடம் இருக்கிறது: இடைநிலைப் பார்வை, ஊர்வரிசை, யூடியூப் வரைபடம், தேதிகள். கதவுக் காணொளியின் இரண்டாம் பகுதியை ஐப்பசி மழை முடிந்ததும் எடுக்க வேண்டும். அந்த எண்ணெய் நிறுவனத்துக்குக் கொடுத்திருக்கும் இணைப்பில் எத்தனை பேர் வந்தார்கள் என்று அதற்கு அடுத்த வாரம் எண்ணி, சுண்ணாம்புக் கடைக்குக் கீழே மூன்றாவதாக எழுதலாம் என்று இடம் விட்டு வைத்திருக்கிறோம்.